கெப்பாசிட்டரிலும் இன்டக்டரிலும் முன்பே இருக்கும் ஆற்றலை s-தளத்தில் சோர்ஸாக வரைவது எப்படி?

கேள்வி: s-தளத்தில் சர்க்யூட் போடும்போது தொடக்க மின்னோட்டத்துக்கு Li(0) என்றும், தொடக்க மின்னழுத்தத்துக்கு v(0)/s என்றும் கூடுதல் சோர்ஸ் வைக்கச் சொல்கிறார்கள். ஒன்றில் s இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. குறி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். கடைசியில் கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் கேட்டால் விடை தப்பாக வருகிறது. மனப்பாடம் செய்யாமல் இதைப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. முதலில் இந்த சோர்ஸ்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பார்த்துவிட்டால், குறியும் s-உம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்டக்டருக்கு விதி v = L·di/dt. இதை லாப்லாஸ் உருமாற்றம் செய்யும்போது வகைக்கெழு sI(s) − i(0−) என்று மாறுகிறது. கெப்பாசிட்டருக்கு i = C·dv/dt; அதுவும் அப்படியே. ஆக நமக்குக் கிடைப்பவை இரண்டே வரிகள்:

```
இன்டக்டர்:     V(s) = sL·I(s) − L·i(0−)
கெப்பாசிட்டர்:  V(s) = I(s)/(sC) + v(0−)/s
```

0− என்றால் சுவிட்ச் மாறுவதற்குச் சற்று முந்தைய கணம். இந்தக் கழித்தல் குறி பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது, அப்போது சொல்கிறேன்.

இரண்டு வரிகளிலும் வலப்பக்கம் இரண்டு மின்னழுத்தங்களின் கூட்டல்தான். மின்னழுத்தங்கள் கூடுகின்றன என்றால் அவை தொடரிணைப்பில் இருக்கின்றன. ஒன்று மின்னோட்டத்தைப் பொறுத்தது, அது இம்பிடன்ஸ். மற்றொன்று மின்னோட்டத்தைப் பொறுத்ததல்ல, தொடக்க மதிப்பை மட்டும் பொறுத்தது. சர்க்யூட்டில் மின்னோட்டம் எவ்வளவாக இருந்தாலும் மாறாத மின்னழுத்தத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோர்ஸ். அவ்வளவுதான். யாரோ கண்டுபிடித்து ஒட்டவைத்த உத்தி அல்ல, வகைக்கெழு விதியின் இரண்டாவது உறுப்பையே படமாக வரைந்திருக்கிறோம்.

சரி, ஒன்றில் s ஏன் இருக்கிறது, மற்றதில் ஏன் இல்லை? இரண்டையும் நேரத்துக்குத் திருப்பிப் பாருங்கள். v(0)/s என்பது t = 0-இல் தொடங்கி மாறாமல் நிற்கும் மின்னழுத்தம், அதாவது ஒரு ஸ்டெப். 8 வோல்ட் ஏறிய கெப்பாசிட்டரும், காலியான கெப்பாசிட்டருடன் தொடரில் வைத்த 8 வோல்ட் பேட்டரியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றேதான். L·i(0) என்பது வெறும் எண். அதை நேரத்துக்குத் திருப்பினால் L·i(0) பரப்புள்ள ஒரு இம்பல்ஸ் வரும். மின்னோட்டமே இல்லாத இன்டக்டருக்கு அந்த அளவு வோல்ட்-நொடியை ஒரே கணத்தில் கொடுத்தால், மின்னோட்டம் சுழியிலிருந்து i(0)-க்குத் தாவும். ஆகவே அந்த சோர்ஸின் வேலை, t = 0-இல் ஒரே அடியில் இன்டக்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. L·i(0) என்பது காந்தப் பாயத் தொடர்பு என்று நினைவிருந்தால் இது இன்னும் இயல்பாகப் படும்.

அலகை வைத்தும் சரிபார்க்கலாம். s-தளத்தில் V(s)-இன் அலகு வோல்ட்-நொடி. ஹென்றி × ஆம்பியர் என்பது வோல்ட்-நொடிதான். v(0)/s-உம் வோல்ட்-நொடி. யாராவது Li(0)/s என்று எழுதினால் வோல்ட்-நொடி² வரும், அது தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். தேர்வு மண்டபத்தில் சந்தேகம் வந்தால் பத்து விநாடியில் முடிகிற சோதனை இது.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது. ஒரு கெப்பாசிட்டரை s-தளத்தில் வரைந்ததும் அது இரண்டு பாகங்களாகிவிடுகிறது: 1/(sC) என்ற இம்பிடன்ஸ், v(0)/s என்ற சோர்ஸ். உண்மையான கெப்பாசிட்டர் இந்த இரண்டும் சேர்ந்தது. இரண்டையும் சுற்றி புள்ளிக்கோட்டில் ஒரு பெட்டி போடுங்கள், பெட்டிக்கு வெளியே இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கெப்பாசிட்டர் மின்னழுத்தம் என்றால் பெட்டியின் வெளிமுனைகளுக்கு இடையே உள்ளது. பெட்டிக்கு உள்ளே இம்பிடன்ஸுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் இருக்கும் புள்ளி சர்க்யூட்டில் எங்குமே கிடையாது, அங்கே யாரும் மீட்டர் வைக்க முடியாது. I(s)-ஐக் கண்டுபிடித்துவிட்டு I/(sC) என்று பெருக்கி அதுவே கெப்பாசிட்டர் மின்னழுத்தம் என்று எழுதினால், நீங்கள் அளந்தது அந்த இல்லாத புள்ளியை. இன்டக்டருக்கும் அதே கதை.

குறிக்கு ஒரே ஒரு ஒழுங்கு போதும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு அம்பு வரையுங்கள். அம்பு நுழையும் முனை கூட்டல், வெளியேறும் முனை கழித்தல் என்று v-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள இரண்டு வரிகளும் இந்த ஏற்பாட்டில்தான் உண்மை. கெப்பாசிட்டரின் சோர்ஸுக்கு கூட்டல் முனை, v(0)-இன் கூட்டல் முனை இருக்கும் அதே பக்கம். இன்டக்டரில் கழித்தல் குறி இருப்பதால் சோர்ஸ் தலைகீழாக உட்காரும்: அம்போடு சேர்ந்து போனால் முதலில் அதன் கழித்தல் முனை, பிறகு கூட்டல் முனை. அதாவது அது i(0) ஓடிக்கொண்டிருந்த திசையிலேயே மின்னோட்டத்தைத் தள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் தொடரச் செய்வதே இன்டக்டரின் குணம் என்பதால் படமும் குணமும் பொருந்துகின்றன. அம்பை நீங்கள் எதிர்த்திசையில் வரைந்திருந்தால் i(0) எதிர்மறை எண் ஆகும். சோர்ஸைத் திருப்பாதீர்கள், எண்ணின் குறியை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றிவிட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு சர்க்யூட்டை முழுவதும் செய்துபார்ப்போம். 20 வோல்ட் சப்ளை, அதோடு தொடரில் ஒரு சுவிட்ச், 6 ஓம் மின்தடை. அது A என்ற நோடில் போய்ச் சேருகிறது. A-இலிருந்து தரைக்கு இரண்டு கிளைகள். ஒன்றில் கெப்பாசிட்டர், 333.33 மைக்ரோஃபாரட். மற்றதில் 1 மில்லிஹென்றி இன்டக்டரும் 4 ஓம் மின்தடையும் தொடரில். சுவிட்ச் வெகுநேரம் மூடியிருந்து t = 0-இல் திறக்கிறது.

திறப்பதற்கு முன் எல்லாம் நிலைத்துவிட்டது. கெப்பாசிட்டரில் மின்னோட்டம் இல்லை, இன்டக்டரில் மின்னழுத்தம் இல்லை. ஆகவே மின்னோட்டம் 20/(6+4) = 2 ஆம்பியர், A-இல் மின்னழுத்தம் 2 × 4 = 8 வோல்ட். இங்கே அவசரத்தில் கெப்பாசிட்டரில் 20 வோல்ட் என்று எழுதுவது வழக்கமான பிழை. 6 ஓமில் 12 வோல்ட் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

அலகுகளை வசதியாக வைத்துக்கொள்வோம்: நேரம் மில்லிநொடியில், L மில்லிஹென்றியில், C மில்லிஃபாரடில். அப்போது வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றும் மாறாமல் அப்படியே நிற்கும். L = 1, C = 1/3, R = 4. பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சுவிட்ச் திறந்ததும் சப்ளை போய்விட்டது. மிஞ்சியது ஒரே லூப்: கெப்பாசிட்டர், இன்டக்டர், 4 ஓம். A-இலிருந்து இன்டக்டர் வழியாகக் கீழே இறங்கும் திசையில் I(s) என்று அம்பு வரைகிறேன். i(0−) = 2 இதே திசைதான், எனவே இன்டக்டர் சோர்ஸ் L·i(0) = 2, அம்பின் போக்கில் தள்ளுகிறது. கெப்பாசிட்டரின் கூட்டல் முனை A-இல் இருக்கிறது. அந்த முனையிலிருந்து I வெளியே வருகிறது. ஆகவே 8/s சோர்ஸும் அம்பின் போக்கிலேயே தள்ளுகிறது. லூப் சமன்பாடு:

```
8/s + 2 = I·(s + 4 + 3/s)

I = (2s + 8)/(s² + 4s + 3) = 2(s + 4)/((s + 1)(s + 3))
  = 3/(s + 1) − 1/(s + 3)

i(t) = 3e^(−t) − e^(−3t)   (ஆம்பியர், t மில்லிநொடியில்)
```

இனி கெப்பாசிட்டர் மின்னழுத்தம். பெட்டியின் வெளிமுனை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சோர்ஸையும் சேர்த்து எழுத வேண்டும். கெப்பாசிட்டருக்குள் நுழையும் மின்னோட்டம் −I என்பதால் V_C = 8/s − 3I/s. அல்லது மறுபக்கம் சுற்றி வந்து இன்டக்டர் கிளையின் மின்னழுத்தமாக எடுத்தாலும் அதேதான்; அங்கே V = (s + 4)·I − 2. அந்த −2-ஐ விட்டுவிடக் கூடாது. இரண்டாவது வழியில் வேலை குறைவு:

```
V_C = 2(s + 4)²/((s + 1)(s + 3)) − 2
    = (8s + 26)/((s + 1)(s + 3))
    = 9/(s + 1) − 1/(s + 3)

v(t) = 9e^(−t) − e^(−3t)   (வோல்ட்)
```

t = 0 வைத்தால் 9 − 1 = 8. சரியாக வருகிறது.

சோர்ஸை விட்டுவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கெப்பாசிட்டருக்கு −3I/s மட்டும் எடுத்திருந்தால் மின்னழுத்தம் சுழியில் தொடங்கி −8 வோல்ட்டில் போய் நின்றிருக்கும். சப்ளையே இல்லாத, மின்தடை உள்ள லூப்பில் நேரம் போகப்போக மின்னழுத்தம் நிலையாக −8-இல் நிற்பது நடக்காத காரியம். இன்டக்டரில் விளைவு இன்னும் வெளிப்படையாக இருக்கும். சோர்ஸை விட்டுவிட்டு s·I மட்டும் எடுத்தால் 2s(s+4)/((s+1)(s+3)). தொகுதியும் பகுதியும் ஒரே படி. வகுத்தால் 2 என்ற எண் தனியே பிரிந்து வருகிறது, அதாவது விடையில் 2δ(t). சாதாரணமாகத் திறந்த ஒரு சர்க்யூட்டில் இல்லாத இம்பல்ஸ் முளைத்தால், பெட்டிக்குள்ளே நின்றுகொண்டு அளக்கிறீர்கள் என்று அர்த்தம். சரியாக s·I − 2 என்று எடுத்தால் அந்த 2 கழிந்துபோய் −3/(s+1) + 3/(s+3) மிஞ்சும். t = 0-இல் அது சுழி, ஏனெனில் அந்தக் கணத்தில் 8 வோல்ட் முழுவதும் 4 ஓமிலேயே விழுகிறது.

விடையைச் சோதிக்க மூன்று வழிகள் எனக்குப் பிடித்தவை. முதலாவது: s-ஐ மிகப் பெரிதாக்கி s·I(s) பார்ப்பது. இங்கே 2 வருகிறது, தொடக்க மின்னோட்டம் அதுதான். இன்டக்டர் சோர்ஸின் குறியைத் தப்பாகப் போட்டிருந்தால் தொகுதியில் 8 − 2s இருந்திருக்கும், இந்தச் சோதனையில் −2 வந்து மாட்டிக்கொள்ளும். பகுதிப் பின்னத்துக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், அரைப் பக்கம் மிச்சம்.

இரண்டாவது: s = 0 வைத்துப் பார்ப்பது. I(0) என்பது மின்னோட்டத்தின் மொத்தத் தொகையீடு, அதாவது ஓடிய மின்னூட்டம். இங்கே 8/3. கெப்பாசிட்டரில் இருந்ததோ C·v = 8 × 1/3 = 8/3 மில்லிகூலூம். கடைசியில் கெப்பாசிட்டர் முழுவதும் காலியாகிறது என்பதால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சோதனை கெப்பாசிட்டர் சோர்ஸின் குறியைப் பிடிக்கும், முதல் சோதனை இன்டக்டர் சோர்ஸைப் பிடிக்கும்.

மூன்றாவது கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் திருப்தியானது. தொடக்கத்தில் கெப்பாசிட்டரில் ½ × 1/3 × 64 = 10.67 மில்லிஜூல், இன்டக்டரில் ½ × 1 × 4 = 2 மில்லிஜூல். மொத்தம் 12.67. இது முழுக்க 4 ஓமில் வெப்பமாக வேண்டும். 4i²-ஐத் தொகையிட்டால் 4 × (9/2 − 6/4 + 1/6) = 12.67. விடையில் எங்காவது ஒரு எண் பிசகியிருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது.

கணினியில் பார்க்க விரும்பினால் ஸ்பைஸில் நான்கைந்து வரிதான்:

```
* kaeppaasittar - inductor - 4 ohm
C1 a 0 333.333u IC=8
L1 a b 1m IC=2
R2 b 0 4
.tran 1u 6m uic
.end
```

L1-இல் IC-இன் திசை முதலில் எழுதிய நோடிலிருந்து இரண்டாவது நோடுக்கு. இங்கே a-இலிருந்து b-க்கு. நோடுகளை மாற்றி எழுதினால் குறியும் மாற வேண்டும், கையால் போடும்போது அம்புக்குச் சொன்ன அதே ஒழுங்கு. `uic` எழுத மறந்தால் நிரல் முதலில் தானாக ஒரு நிலைத்த நிலையைக் கணக்கிட்டு, சப்ளையே இல்லாததால் எல்லாம் சுழி என்று காட்டும். 1 மில்லிநொடியில் மின்னோட்டம் சுமார் 1.054 ஆம்பியர், A-இல் 3.26 வோல்ட் வர வேண்டும்.

இதுவரை சோர்ஸ்களைத் தொடரில் வைத்தோம். நோடு முறையில் போடுவதானால் பக்க இணைப்பு வடிவம் வசதி. அதே இரண்டு வரிகளை I-க்குத் திருப்பி எழுதுங்கள்: இன்டக்டருக்கு I = V/(sL) + i(0)/s, கெப்பாசிட்டருக்கு I = sC·V − C·v(0). இப்போது ஸ்டெப்பும் இம்பல்ஸும் இடம் மாறிவிட்டன. இன்டக்டருக்குப் பக்கத்தில் i(0) திசையிலேயே ஓடும் நிலையான மின்னோட்ட சோர்ஸ். கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் C·v(0) என்ற மின்னூட்டத்தை ஒரே கணத்தில் கூட்டல் முனைக்குள் கொட்டும் இம்பல்ஸ். A நோடில் எழுதினால்

```
(s/3)·V + (V + 2)/(s + 4) = 8/3
```

இதைச் சுருக்கினால் மறுபடி (8s + 26)/((s+1)(s+3)) கிடைக்கும். இன்டக்டர் கிளையில் நான் 2-ஐத் தொடர் சோர்ஸாகவே விட்டுவிட்டேன், ஏனென்றால் அங்கே 4 ஓமும் தொடரில் இருக்கிறது. இரண்டு வடிவங்களை ஒரே சர்க்யூட்டில் கலந்துகொள்ளலாம், தடையில்லை. ஒரே உறுப்புக்கு இரண்டையும் போட்டுவிடக் கூடாது, அவ்வளவே.

அடுத்தது அந்த 0− விஷயம். மேலே உள்ள சர்க்யூட்டில் 0−, 0+ இரண்டிலும் மதிப்புகள் ஒன்றுதான், அதனால் வித்தியாசம் தெரியாது. தெரிகிற மாதிரி ஒன்று பார்ப்போம். 8 வோல்ட் சப்ளை, 4 ஓம், 1 மில்லிஹென்றி உள்ள L1, அதே அளவு L2, எல்லாம் தொடரில். L2-ஐ ஒரு சுவிட்ச் ஷார்ட் செய்து வைத்திருக்கிறது, அதில் மின்னோட்டம் இல்லை. L1-இல் 8/4 = 2 ஆம்பியர் ஓடுகிறது. t = 0-இல் சுவிட்ச் திறக்கிறது. இப்போது இரண்டு இன்டக்டர்களிலும் ஒரே மின்னோட்டம் ஓடியாக வேண்டும். ஒன்று 2 என்கிறது, மற்றொன்று 0 என்கிறது. இன்டக்டர் மின்னோட்டம் திடீரென மாறாது என்று படித்திருக்கிறோம். யார் விட்டுக்கொடுப்பது?

நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் இது தலைவலி. s-தளத்தில் யோசிக்கவே வேண்டாம், 0− மதிப்புகளைப் போட்டு எழுதினால் போதும்:

```
8/s + 2 + 0 = I·(2s + 4)

I = (s + 4)/(s(s + 2)) = 2/s − 1/(s + 2)

i(t) = 2 − e^(−2t)
```

t = 0+ இல் மின்னோட்டம் 1 ஆம்பியர். L1-இல் 2-இலிருந்து 1-க்கு விழுந்தது, L2-இல் 0-இலிருந்து 1-க்கு ஏறியது. பாயத் தொடர்பு மட்டும் மாறவில்லை: முன்பு 1 × 2, பின்பு 2 × 1. L2-இன் மின்னழுத்தம் s·I = 1 + 2/(s+2), L1-இன் மின்னழுத்தம் s·I − 2 = −1 + 2/(s+2). இரண்டிலும் இம்பல்ஸ் இருக்கிறது, ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இந்த முறை அது உண்மையான இம்பல்ஸ், பிழை அல்ல. முதல் சோதனையும் இங்கே 2-ஐத் தராது, 1-ஐத் தரும், ஏனெனில் அது காட்டுவது 0+ மதிப்பை.

அப்படியென்றால் இம்பல்ஸ் வந்தால் பிழையா, உண்மையா என்று எப்படிப் பிரிப்பது? சர்க்யூட்டைப் பாருங்கள். சுவிட்ச் மாறிய பிறகு வெறும் இன்டக்டர்களும் மின்னோட்ட சோர்ஸ்களும் மட்டுமே சந்திக்கும் நோடோ, இங்கே இருப்பதுபோல் இன்டக்டர்கள் நேராகத் தொடரில் நிற்கும் கிளையோ இருந்தால் மின்னோட்டம் தாவலாம். வெறும் கெப்பாசிட்டர்களும் மின்னழுத்த சோர்ஸ்களும் மட்டும் சேர்ந்து ஒரு லூப் உண்டானால் மின்னழுத்தம் தாவலாம். இவை எதுவும் இல்லாமல் விடையில் இம்பல்ஸ் வந்தால், சப்ளையே இம்பல்ஸாக இல்லாதவரை, கணக்கில்தான் கோளாறு.

ஆற்றலையும் பாருங்கள். திறப்பதற்கு முன் 2 மில்லிஜூல், திறந்த உடனே ½ × 2 × 1 = 1 மில்லிஜூல். பாதி போய்விட்டது. சமன்பாடு அதைப் பற்றி வாயே திறக்காது. உண்மையான சுவிட்சில் அது முனைகளுக்கு இடையே தீப்பொறியாகப் போகும். இன்டக்டரின் சுற்றுகளுக்கு இடையே எப்போதும் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் இருப்பதால் மின்னழுத்தம் எல்லையற்று ஏறாது, ஆனால் டிரான்சிஸ்டர் சுவிட்சாக இருந்தால் அதை உடைக்கப் போதுமான அளவு ஏறிவிடும். இலட்சிய மாதிரி இங்கே சரியான இறுதி மின்னோட்டத்தைத் தருகிறது, சுவிட்சின் கதியைத் தருவதில்லை.

இந்த இரண்டாவது சர்க்யூட்டில் சப்ளையும் இருந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். 8/s வெளி சோர்ஸ், 2 தொடக்க சோர்ஸ். இரண்டும் ஒரே வரிசையில் நின்றன. தனித்தனியாகத் தீர்த்தும் கூட்டலாம்: 8/s தனியே 2 − 2e^(−2t) தரும், 2 தனியே e^(−2t) தரும். ஆனால் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் H(s)-ஐ வைத்து விடை எடுக்கும்போது முதல் பகுதி மட்டுமே வரும். H(s) என்பதே தொடக்க ஆற்றல் சுழி என்று வைத்து வரையறுத்தது. தெவனின் சமானம் எடுக்கும்போதோ, இம்பிடன்ஸ் காண இந்தத் தொடக்க சோர்ஸ்களையும் மற்ற சோர்ஸ்களைப் போலவே அணைத்துவிட வேண்டும். திறந்த முனை மின்னழுத்தம் காணும்போது மறக்காமல் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, ஒன்றோடொன்று பிணைந்த சுருள்கள். இங்கே ஒரு உறுப்பு அடிக்கடி விடுபட்டுப்போகிறது. M என்பது சுருள்களுக்கு இடையிலான பரஸ்பர இன்டக்டன்ஸ் என்றால், முதல் சுருளின் சமன்பாடு

```
V1 = sL1·I1 + sM·I2 − [L1·i1(0−) + M·i2(0−)]
```

அடைப்புக்குள் இருப்பது முதல் சுருளின் மொத்தப் பாயத் தொடர்பு, அதன் சோர்ஸ் அதுதான். சொந்த மின்னோட்டம் மட்டும் போதாது. இரண்டாவது சுருளுக்கும் அப்படியே L2·i2(0−) + M·i1(0−). தன்னில் மின்னோட்டமே இல்லாத சுருளுக்குக்கூட ஒரு சோர்ஸ் வந்துவிடுகிறது.

ஃப்ளைபேக் சப்ளை வேலை செய்வதே இந்த உறுப்பால்தான். L1 = 1 மில்லிஹென்றி, L2 = 0.25 மில்லிஹென்றி, பிணைப்பு முழுமையானது என்றால் M = 0.5. முதல் சுருளில் 2 ஆம்பியர் ஓடும்போது சுவிட்ச் திறந்து அதை நிறுத்துகிறது, இரண்டாவது சுருள் டையோடு வழியாக R என்ற சுமைக்குப் போகிறது. டையோடு மின்னோட்டத்தை விடும் திசையில் அம்பை வரைந்தால் I2·(0.25s + R) = 0.5 × 2. s-ஐப் பெரிதாக்கினால் i2(0+) = 1/0.25 = 4 ஆம்பியர். முன்பு ½ × 1 × 4 = 2 மில்லிஜூல், பின்பு ½ × 0.25 × 16 = 2 மில்லிஜூல்; எதுவும் தொலையவில்லை. பிணைப்பு 0.98 என்றால் M = 0.49, மின்னோட்டம் 3.92 ஆம்பியர், சுமைப் பக்கம் போவது 1.92 மில்லிஜூல். மீதி 0.08 மில்லிஜூல் முதல் சுருளின் கசிவில் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை சுவிட்ச் திறக்கும்போதும் குறைந்தது அவ்வளவையாவது சுவிட்சைக் காக்கும் ஸ்னப்பர் சர்க்யூட் வாங்கிக்கொள்ள வேண்டும். விநாடிக்கு 50,000 முறை திறந்தால் அது 4 வாட்.